வெட்டிய காசு எங்கே போனது? சேமலாப நிதிப் பணத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கின்ற ஒருவரின் உழைப்பில் நூற்றுக்கு எட்டு ரூபாய் அவருடைய கைக்கு வராமலேயே போய்விடுகிறது. சம்பளச் சீட்டில் ‘ஈ.பி.எப்.’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு, “சரி, நமது காசு கொழும்பில் சேருகிறது” என்று மனதைத் தேற்றிக் கொள்பவர்களே நம்மில் அதிகம். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது வரும்போது எடுக்கலாம் என்று அதை மறந்தும் விடுகிறார்கள். ஆனால் சம்பளச் சீட்டில் கழித்தது ஒரு காரியம். அது உங்கள் பெயரில் வரவு வைக்கப்படுவது இன்னொரு காரியம். இரண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் காசு எங்கே நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதே இந்த வார விடயம்.

சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் வியாபாரம் செய்கின்ற என்னைப் போன்றவர்களிடம் இது சம்பந்தமாகக் கேள்வி கேட்டு வருவோர் உண்டு. “காக்கா, சம்பளத்துல மாசா மாசம் வெட்டுறாங்க. கணக்க எடுத்துப் பார்த்தா பாதிக் காசு இல்ல. யாருக்கிட்டப் போய்க் கேக்குற?” இதுதான் கேள்வி. கேட்பவர் ஏற்கனவே இரண்டு மூன்று இடங்களுக்கு அலைந்து களைத்திருப்பார். பெரும்பாலும் பிழையான கதவைத் தட்டியிருப்பார். ஆகவே கதவுகளை முதலில் பிரித்துக் காட்டுகிறேன்.

இரண்டு வீடு, இரண்டு வேலை

நமது நாட்டில் ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. இன்றைய விகிதப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். மொத்தம் 20 வீதம். ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் நிதியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரிச் சம்பளத்துக்குரியது பெப்ரவரி கடைசித் தேதிக்குள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த நிதியத்தை இரண்டு அரச நிறுவனங்கள் நடத்துகின்றன. பணத்தைப் பெற்று, ஒவ்வொரு அங்கத்தவருக்கும் கணக்கு வைத்து, வட்டி சேர்ப்பது இலங்கை மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதியத் திணைக்களம். முதலாளியைப் பதிவு செய்வது, கட்டாத முதலாளியைத் தேடிப் பிடிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் தொழில் திணைக்களம். இது தெரியாமல், கட்டாத முதலாளியைப் பற்றி மத்திய வங்கிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். “உங்கள் கணக்கில் இவ்வளவுதான் வந்திருக்கிறது” என்று மட்டுமே அங்கிருந்து பதில் வரும். மறுபக்கம், முதலாளி கட்டிய பணம் பிழையான இலக்கத்தில் விழுந்து கிடக்கும்போது தொழில் அலுவலகத்துக்குப் போய் முதலாளியோடு பகை தேடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே புகாரை எழுதுவதற்கு முன்னர், காசு கட்டப்படவில்லையா அல்லது கட்டியும் உங்கள் பெயரில் ஏறவில்லையா என்பதை அறிய வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் போக வேண்டிய கதவும் தெரிந்துவிடும்.

ஒரு மாதக் காசு போகும் பாதை

ஆட்களை வைத்துக் கடை நடத்துகிறவன் என்ற வகையில் இந்தப் பாதை எனக்குப் பழக்கமானது. அதைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேரும்போது ஊழியர் நிதியத்தில் பதியப்பட்டு, அவருக்கு ஓர் அங்கத்துவ இலக்கம் கிடைக்கிறது. முதலாளிக்கும் ஓர் இலக்கம் உண்டு. உங்கள் கணக்கை அடையாளம் காட்டுவது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். முன்னர் பதிவின்போது ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட ‘பி’ அட்டையில் இவை எழுதப்பட்டிருக்கும். வேலை மாறினால் முதலாளியின் இலக்கம் மாறும், ஆகவே கணக்கும் மாறும். மூன்று இடத்தில் வேலை பார்த்தவருக்கு மூன்று கணக்குகள் இருப்பது இதனால்தான். பழைய இடத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு “இரண்டு வருடமாக ஒரு சதமும் ஏறவில்லை” என்று பதறுபவர்கள் இந்த விடயத்தை முதலில் சரிபார்க்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் கடைக் கணக்குப்பிள்ளை சம்பளப் பட்டியலைத் தயாரிக்கிறார். அதிலிருந்து ‘சி’ படிவம் எழுதப்படுகிறது. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு ஊழியரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், அங்கத்துவ இலக்கம், மொத்த உழைப்பு, ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம் என்பன வரிசையாக வரும். கீழே மொத்தத் தொகை இருக்கும். அந்தத் தொகைக்குக் காசோலையோ வங்கி மூலமான கொடுப்பனவோ போகும். பெரிய நிறுவனங்கள் இதே விபரத்தைக் கடதாசியில் அனுப்பாமல் கணினிக் கோப்பாக அனுப்புகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, பணம் ஒன்றாகப் போகிறது என்பதுதான். பத்துப் பேருடைய காசும் ஒரே தொகையாகவே மத்திய வங்கிக்குச் சேர்கிறது. அதைப் பத்தாகப் பிரித்து ஆளுக்கு ஆள் ஏற்றுவதற்கு அந்தப் படிவம் தேவை. பணம் வந்து படிவம் வராவிட்டால், அல்லது இரண்டிலும் உள்ள தொகை ஒத்துப் போகாவிட்டால், அல்லது படிவத்தில் இலக்கம் பிழைத்திருந்தால், பணம் நிதியத்துக்குள் இருக்கும். ஆனால் உங்கள் பெயரில் இருக்காது.

நமது பகுதியில் இந்தப் பிழை இலகுவாக நேரும். நமது பெயர்கள் அப்படி. ஒரே கடையில் ‘ஏ.எல்.எம்.’ என்று தொடங்கும் மூன்று பேர் இருப்பார்கள். முகம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சம்பளப் பட்டியலில் இன்னொரு விதம். மலையகத் தோட்டத் தொழிலாளருக்கும் பெயர் பிழைத்ததால் இதே தொல்லை. ஆகவே பெயரை நம்பாமல் இலக்கத்தை நம்ப வேண்டும். அதிலும் 2016இல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய அடையாள அட்டை வந்தது. ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கத்தைப் புதிய முறைக்கு மாற்றும்போது பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாகும், நடுவில் ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும். இதைக் கையால் மாற்றி எழுதுகின்ற இடத்தில் ஓர் இலக்கம் தவறினால் படிவத்தில் இருப்பவர் வேறொரு மனிதராகிவிடுவார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். பெயர் வேண்டாம், கடையும் வேண்டாம். ஒரு தம்பி மாதம் 40,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். 2024ஆம் ஆண்டு முழுவதும் அவருடைய சம்பளச் சீட்டில் மாதம் 3,200 ரூபாய் கழிக்கப்பட்டிருக்கிறது. முதலாளி போட வேண்டியது 4,800. ஆக மாதம் 8,000 ரூபாய் அவருடைய கணக்கில் ஏற வேண்டும். வருடத்துக்கு 96,000.

அவர் மத்திய வங்கியிலிருந்து தன் கணக்குக் கூற்றை எடுக்கிறார். சிலர் இதைப் ‘பாஸ் புத்தகம்’ என்பார்கள். நமது நாட்டில் வங்கிப் புத்தகம் போல ஒன்று கிடையாது. அங்கத்தவருக்குக் கணக்குக் கூற்றுத்தான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதலாளி ஊடாக. முதலாளி அதைக் கொடுக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டால் ஊழியருக்குத் தெரியாது. அதற்காக முதலாளியை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. மத்திய வங்கியின் திணைக்களத்தில் அடையாள அட்டையோடு தன்னைப் பதிவு செய்து கொண்டால், குறுஞ்செய்தி மூலமும் epf.lk என்ற இணையத்தளத்தின் ஊடாகவும் நேரடியாக அறிந்து கொள்ளலாம்.

கூற்றிலே 2024ஆம் ஆண்டுக்கான பங்களிப்பு 40,000 ரூபாய் என்று இருக்கிறது. வட்டியைச் சேர்க்காமல், பங்களிப்பை மட்டும் பார்க்க வேண்டும். வட்டியோடு சேர்த்துப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. 40,000ஐ 8,000ஆல் பிரித்தால் ஐந்து. ஆக ஐந்து மாதக் காசு வந்திருக்கிறது, ஏழு மாதக் காசு வரவில்லை. டிசம்பர் மாதத்துக்குரியது ஜனவரியில்தான் போகும் என்பதால் ஒரு மாதம் முன்பின்னாகத் தெரியலாம். அதை மனதில் வைத்துக் கொண்டு, எந்தெந்த மாதம் ஏறியிருக்கிறது என்ற விபரத்தைக் கேட்டு எடுக்க வேண்டும். நமது தம்பிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதமும், ஆகஸ்ட் மாதமும் ஏறியிருக்கிறது. மே, ஜூன், ஜூலை இல்லை. செப்டெம்பர் முதல் டிசம்பர் வரையும் இல்லை.

இதை ஒரு தாளில் பன்னிரண்டு வரியாக எழுதிக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே நான்கு கட்டம்: சம்பளச் சீட்டில் கழித்தது, ‘சி’ படிவத்தில் எழுதியது, வங்கியிலிருந்து போனது, கணக்கில் ஏறியது. முதலாவதும் கடைசியும் ஊழியரிடமே இருக்கும். நடு இரண்டும் முதலாளியிடம் இருக்கும். அவற்றைப் பணிவாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்காகக் கட்டுகின்ற முதலாளிக்கு ‘சி’ படிவத்தின் பிரதியையும் வங்கிக் கூற்றையும் காட்டுவது ஐந்து நிமிட வேலை. “பிறகு பார்ப்போம்” என்ற பதில் மூன்று முறை வந்தால் அதுவும் ஒரு விடைதான்.

நமது உதாரணத்தில் முதலாளி காட்டுகிறார். மே, ஜூன், ஜூலை மாதங்களுக்குப் படிவமும் இருக்கிறது, காசோலையும் வங்கியில் மாறியிருக்கிறது. அப்படியானால் ஏன் ஏறவில்லை? படிவத்தை வரி வரியாகப் பார்த்தால், தம்பியின் அங்கத்துவ இலக்கம் 17. அந்த மூன்று மாதமும் 71 என்று எழுதப்பட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை லீவில் போயிருந்த காலத்தில் இன்னொருவர் எழுதியது. ஆகஸ்டில் பழையவர் திரும்பி வந்து சரியாக எழுதியதால் அந்த மாதம் ஏறிவிட்டது. இது கட்டியும் ஏறாத வகை.

செப்டெம்பர் முதல் டிசம்பர் வரையான கதை வேறு. அந்த நான்கு மாதத்துக்கும் ‘சி’ படிவத்தின் பிரதி கோவையில் அழகாக இருக்கிறது. காசோலை இலக்கம் கூட எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வங்கிக் கூற்றிலே அந்தக் காசோலைகள் எதுவும் மாறவில்லை. எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். வாசகர்கள் இந்த இடத்தை நன்றாக மனதில் பதித்துக் கொள்ள வேண்டும். ‘சி’ படிவம் இருப்பது பணம் போனதற்குச் சாட்சி அல்ல. வங்கியிலிருந்து காசு வெளியேறியதே சாட்சி.

முதலாளி ஒன்றுமே காட்டாவிட்டால்?

அப்போதும் ஒரு குறிப்பு கிடைக்கும். ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் புறம்பாக ஊழியர் நம்பிக்கை நிதியம் என்று ஒன்றிருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கு ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. முதலாளியே 3 வீதம் கட்ட வேண்டும். 40,000 ரூபாய் சம்பளத்துக்கு 1,200 ரூபாய். இதை நிர்வகிப்பது வேறு சபை, கணக்கும் வேறு. ஆனால் ஒரே கணக்குப்பிள்ளை ஒரே நாளில் இரண்டையும் எழுதுவதே வழக்கம். ஆகவே அந்தச் சபையிலும் உங்கள் கணக்கைக் கேட்டு எடுங்கள். நமது உதாரணத்தில் மே, ஜூன், ஜூலைக்கு நம்பிக்கை நிதி ஏறியிருக்கிறது. செப்டெம்பருக்குப் பிறகு அதுவும் இல்லை. ஒன்று ஏறி மற்றது ஏறாத மாதத்தில் எழுத்துப் பிழையை முதலில் சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே மாதத்தில் நின்றிருந்தால் முதலாளி கட்டுவதையே நிறுத்திவிட்டார் என்று சந்தேகிக்கலாம். இது முடிவான சாட்சி அல்ல, ஆனால் எந்தக் கதவுக்கு முதலில் போவது என்பதைச் சொல்லித் தரும்.

இன்னொரு வகையும் உண்டு. எல்லா மாதமும் ஏறியிருக்கும், ஆனால் தொகை குறைந்திருக்கும். மாதம் 5,000 மட்டும் ஏறியிருந்தால், அதை 20ஆல் பிரித்து நூறால் பெருக்குங்கள். 25,000 வரும். உங்கள் சம்பளம் 25,000 என்று படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடிப்படைச் சம்பளத்துக்கு மாத்திரம் கட்டினால் போதும் என்று பல முதலாளிமார் நினைக்கிறார்கள். சட்டம் அப்படியல்ல. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், தரகுக் காசு போன்றவையும் மொத்த உழைப்பில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. சீட்டில் 40,000க்குரிய 3,200ஐக் கழித்துவிட்டு, படிவத்தில் 25,000 என்று எழுதுவது ஊழியரின் கையிலிருந்தே 1,200 ரூபாய் எடுப்பதாகும்.

பிழையைத் திருத்தும் கதவு

மே, ஜூன், ஜூலைப் பணத்துக்கு மத்திய வங்கிக் கதவுதான் சரி. ஆனால் அங்கே போக வேண்டியவர் முதலில் முதலாளி. படிவத்தை எழுதியவர் அவர் என்பதால் திருத்தமும் அவருடைய கையொப்பத்தோடுதான் போக வேண்டும். முதலாளியின் இலக்கம், மாதம், பிழையாக எழுதப்பட்ட இலக்கம், சரியான இலக்கம், ஊழியரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி, ‘சி’ படிவப் பிரதியையும் கொடுப்பனவுக்கான சான்றையும் இணைத்து அனுப்ப வேண்டும். கடிதத்தின் ஒரு பிரதியை ஊழியரும் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். சில மாதங்கள் கழித்துக் கூற்றை மீண்டும் எடுத்து, மூன்று மாதமும் ஏறிவிட்டதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. கடிதம் போட்டதோடு முடிந்துவிட்டது என்று இருப்பது மீண்டும் அதே நம்பிக்கையில் இருப்பதாகும்.

கட்டாத முதலாளிக்குரிய கதவு

செப்டெம்பர் முதல் டிசம்பர் வரையான பணத்துக்குத் தொழில் திணைக்களமே சரியான இடம். நமது பகுதியினருக்குக் கல்முனையில் உள்ள தொழில் அலுவலகம் கிட்டியது. முறைப்பாட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், வரவில்லை என்று கண்டுபிடித்த மாதங்கள், முதலாளியின் பெயர், முகவரி, இலக்கம் என்பவற்றை எழுத வேண்டும். சம்பளச் சீட்டுக்களையும் கணக்குக் கூற்றையும் இணைக்க வேண்டும். முன்னர் சொன்ன பன்னிரண்டு வரித் தாளை மேலே வைத்தால், அதிகாரி ஒரு பார்வையில் விளங்கிக் கொள்வார்.

சம்பளச் சீட்டே தராத கடைகள் நமது ஊரில் ஏராளம். அப்படியானவர்கள் நியமனக் கடிதம், வங்கியில் சம்பளம் விழுந்த கூற்று, வரவுப் பதிவேட்டின் படம், உடன் வேலை செய்தவரின் சாட்சி என்று கிடைப்பதைச் சேர்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் நமது கரையோரத்தில் வீடுகளோடு பத்திரங்களும் போயின. அப்படிப் போனவர்களுக்கும் முதலாளி அக்காலத்தில் கட்டியிருந்தால் அந்தப் பதிவு கொழும்பிலே இருக்கும். கட்டாமல் விட்டிருந்தால்தான் கையில் உள்ள காகிதம் அவசியமாகிறது. ஆகவே சீட்டுக்களைப் படம் பிடித்து இன்னோரிடத்திலும் வைத்திருப்பது நல்லது.

முறைப்பாட்டுக்குப் பின்னர் தொழில் உத்தியோகத்தர் கடைக்கு வந்து சம்பளப் பதிவேட்டைப் பரிசோதிப்பார். நிலுவையோடு மிகைக் கட்டணமும் கணிக்கப்படும். பத்து நாள் வரை பிந்தினால் 5 வீதம், ஒரு மாதம் வரை 15 வீதம், மூன்று மாதம் வரை 20 வீதம், ஆறு மாதம் வரை 30 வீதம், ஒரு வருடம் வரை 40 வீதம், அதற்கு மேல் 50 வீதம்.

நமது தம்பியின் முதலாளி 2025 ஏப்ரல் 15ஆம் திகதி கட்டுகிறார் என்று வைப்போம். செப்டெம்பர்ப் பணம் ஒக்டோபர் கடைசியில் கட்ட வேண்டியது, ஐந்தரை மாதம் பிந்திவிட்டது. ஒக்டோபர்ப் பணம் நாலரை மாதம், நவம்பர்ப் பணம் மூன்றரை மாதம். இந்த மூன்றுக்கும் 30 வீதப்படி ஒவ்வொன்றுக்கும் 2,400 ரூபாய், ஆக 7,200. டிசம்பர்ப் பணம் இரண்டரை மாதம்தான் பிந்தியது என்பதால் 20 வீதம், 1,600 ரூபாய். மிகைக் கட்டணம் மாத்திரம் 8,800. நிலுவை 32,000ஓடு சேர்த்து 40,800 ரூபாய். இது ஒரு ஆளுக்கு. அதே சம்பளத்தில் பத்துப் பேர் இருந்தால் 408,000. நாலு மாதம் அந்தக் காசை வைத்துச் சரக்கு வாங்கியவர் அதில் என்ன இலாபம் கண்டார் என்று அவரே கணக்குப் பார்க்கட்டும்.

அறிவித்தலுக்கும் கட்டாவிட்டால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். தொழில் ஆணையாளர் அத்தாட்சிப் பத்திரம் கொடுத்து, மாவட்ட நீதிமன்றம் ஊடாக முதலாளியின் சொத்தைக் கைப்பற்றி விற்று அறவிடலாம். நீதவான் நீதிமன்றம் ஊடாகத் தண்டப்பணம் போலவும் அறவிடலாம். அதற்காக எல்லாம் விரைவில் முடியும் என்று சொல்ல மாட்டேன். முதலாளியிடம் சொத்தும் இல்லை, கடையும் மூடிவிட்டது என்றால் தீர்ப்புக் கையில் இருந்தும் காசு வராமல் போகலாம். நாலு மாத நிலுவையைக் கேட்பது இலகு, நாலு வருட நிலுவையைக் கேட்பது கடினம் என்பது இதனால்தான்.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். மலையகத்திலே அரசுக்குச் சொந்தமான ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும், அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியும் தொழிலாளரின் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் பல வருடங்களாகக் கட்டாமல் நிலுவை வைத்த விடயம் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. அரசாங்கத்தின் நிறுவனமே அப்படியென்றால், மற்றவர்களின் நிலை பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கேயும் ஓய்வு பெற்று வெளியே வந்து பணம் கேட்ட பின்னர்தான் பல தொழிலாளருக்கு விடயம் தெரிய வந்தது.

வேலை போய்விடுமோ என்ற பயம்

முறைப்பாடு செய்தால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயப்படுவோர் உண்டு. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. நமது ஊரில் முதலாளியும் ஊழியரும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள். தொழிற் பரிசோதனை பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயம், முறைப்பாடு செய்தவர் யார் என்பதைப் பரிசோதகர் வெளியிடக்கூடாது என்கிறது. இலங்கையும் அதை ஏற்றுக் கொண்ட நாடு. ஆகவே பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு, உங்கள் ஒருவருடைய கணக்கை மட்டும் பார்க்காமல் அந்த நான்கு மாதத்துக்கான எல்லா ஊழியரின் பதிவேட்டையும் பரிசோதிக்குமாறு கேளுங்கள். ஒருவருடைய பெயரை மட்டும் விசாரித்தால் சொன்னவர் யார் என்பதை விசாரணையே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலாளிமார் சொல்லும் மூன்று பதில்களும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “நீ தற்காலிகம், உனக்குச் சேமலாபம் இல்லை” என்பார்கள். தற்காலிக ஊழியருக்கும் நாட்கூலிக்காரருக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. “வேண்டாம் என்று நீயே கையொப்பம் வைத்தாய்” என்பார்கள். அப்படி எழுதிய ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. “அப்போது கழிக்க மறந்துவிட்டேன், இப்போது மொத்தமாகக் கழிக்கிறேன்” என்பார்கள். சம்பளம் கொடுக்கும்போது கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பின்னர் ஊழியரிடம் அறவிட முடியாது. முழு 20 வீதத்தையும் முதலாளியே கட்ட வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நானும் வியாபாரி என்பதால் சக வியாபாரிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 12 வீதம் நமது செலவு. கையில் காசு இறுகும்போது அதைத் தள்ளிப் போட மனம் வரும். 2022இல் நாடு பட்ட பாட்டில் பல கடைகள் அப்படித்தான் சறுக்கின. ஆனால் 8 வீதம் நமது காசே அல்ல. ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுத்து, கொண்டு போய்ச் சேர்க்கும்படி நமது கையில் தரப்பட்ட அமானிதம் அது. அதைச் சரக்குக்குப் போட்டுச் சுழற்றுவது கடன் வாங்குவதுமல்ல. ஏனெனில் கடன் கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வேலை சிறியது. சம்பளம் கொடுக்கும் அன்றே 20 வீதத்துக்கான காசோலையையும் எழுதி அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதக் கடைசி வரை பொறுத்திருந்தால் அந்தக் காசு வேறெங்காவது போய்விடும். காசோலை மாறியதும் வங்கிக் கூற்றில் அந்த வரியைக் குறித்து, ‘சி’ படிவப் பிரதியோடு சேர்த்துக் கோவையில் வையுங்கள். கணக்குக் கூற்று வந்தால் அன்றே ஊழியர் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

ஊழியர்களுக்கும் கடைசியாக ஒரு வேலை. இந்த வாரம் சம்பளச் சீட்டை எடுத்து, கழித்த தொகையை இரண்டரையால் பெருக்குங்கள். வருவதுதான் ஒரு மாதத்தில் உங்கள் கணக்கில் ஏற வேண்டிய தொகை. கூற்றிலுள்ள வருடப் பங்களிப்பை அந்தத் தொகையால் பிரியுங்கள். பன்னிரண்டு வந்தால் நிம்மதியாக இருங்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால், மேலே சொன்ன நான்கு கட்டத் தாளை எழுதத் தொடங்குங்கள்.